பத்தாவது நிமிடத்தில் கேமரா ஃபேனைப் பார்த்தால்

"டீச்சர், வணக்கம். அம்பாசமுத்திரத்தில் வீட்டிலிருந்தே நாலாம் வகுப்புப் பிள்ளைகள் 14 பேருக்கு ஜூமில் கணக்கு எடுக்கிறேன். சாயங்காலம் ஆறரை மணிக்கு, 40 நிமிஷம். முதல் பத்து நிமிஷம் நல்லா இருக்காங்க. அப்புறம் ஒருத்தன் கேமரா ஃபேனைப் பார்க்குது, ஒருத்தி தம்பியோட சண்டை போடுறா. கேள்வி கேட்டா எப்பவும் அதே ரெண்டு பேர்தான் பதில் சொல்றாங்க. சத்தமாப் பேசிப் பார்த்துட்டேன், தொண்டைதான் கட்டுது. அடுத்த வாரம் பின்னம் ஆரம்பிக்கணும். என்ன செய்யட்டும்?"
ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

தங்கச்சி, முதலில் அந்தத் தொண்டையைக் காப்பாற்றுவோம். நீங்கள் எவ்வளவு கத்தினாலும் அது பிள்ளைக்குச் சத்தமாகப் போய்ச் சேராது. நாம் மெதுவாகப் பேசினால் ஜூம் தானாகவே கூட்டிக்கொள்ளும், உரக்கப் பேசினால் தானாகவே குறைத்துவிடும். ஆகவே வகுப்பறையில் நமக்குக் கைகொடுத்த பெரிய சத்தம், சின்ன சத்தம் என்கிற வித்தியாசம் வழியிலேயே தட்டையாகிவிடுகிறது. அதையும் தாண்டிக் கத்தினால் அந்தப் பக்கம் இருக்கிற சின்னப் போன் ஸ்பீக்கரில் குரல் பிசிறும், பிள்ளைக்குக் காது வலிக்கும். கம்ப்யூட்டரில் எடுக்கிறீர்கள் என்றால் Settings போய் Audio பகுதியில் Automatically adjust microphone volume என்பதில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள், கொஞ்சம் உயிர் வரும்.

இரைச்சலை நீக்கும் வசதியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, இது பலருக்குத் தெரிவதில்லை. மனிதக் குரல் மாதிரி இல்லாததை எல்லாம் அது இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு வெட்டிவிடும். கிசுகிசுப்பு, கைதட்டல், மேஜையைத் தட்டுவது, மணி அடிப்பது எல்லாமே போய்விடலாம். பள்ளிக்கூடத்தில் "டப் டப் டப்" என்று மூன்று தட்டு தட்டினால் வகுப்பு அடங்கும், அதையே ஜூமில் செய்துவிட்டுப் பிள்ளைகள் கவனிக்கவில்லை என்று நான் ஒரு மாதம் வருத்தப்பட்டிருக்கிறேன். பிறகு பழைய போனில் இரண்டாவது ஆளாக என் வகுப்பிலேயே சேர்ந்து, பக்கத்து அறையில் மகளை உட்கார்த்திக் கேட்கச் சொன்னபோதுதான், நான் தட்டியது ஒன்றுகூட அங்கே போகவில்லை என்று தெரிந்தது. நீங்களும் இன்றைக்கே இதைச் செய்யுங்கள். பிள்ளைகள் பார்க்கிற வகுப்பை ஒரு தடவை நீங்கள் பாருங்கள், உங்கள் முகம் எவ்வளவு சின்னது, எழுத்து எவ்வளவு பொடி என்பதும் தெரிந்துவிடும்.

சரி, சத்தத்தால் முடியாதென்றால் குரலில் வேறு என்ன இருக்கிறது? வேகம், ஏற்ற இறக்கம், நிறுத்தம். இந்த மூன்றும் ஜூமைத் தாண்டிப் போகும். ரகசியம் சொல்கிற மாதிரிப் பேச வேண்டும் என்றால் கிசுகிசுக்காமல், மைக்குக்கு ஒரு சாண் கிட்டே வந்து, குரலோடு, தாழ்ந்த சுதியில் மெதுவாகச் சொல்லுங்கள், அது அப்படியே போய்ச் சேரும். வேலை மாறும் இடத்தில் ("சரி, பேப்பரை எடு!") பஸ் கண்டக்டர் "ஜங்ஷன் எல்லாம் எறங்கு" என்பாரே, அந்த மாதிரிச் சுருக்கமாக, வேகமாக, ஒரே ராகத்தில் சொல்லுங்கள், ஒவ்வொரு தடவையும் அதே ராகம். பத்து வகுப்பில் அந்த ராகம் கேட்டதுமே கை பேப்பருக்குப் போய்விடும்.

அப்புறம் ஒன்று, நம் ஊர்க்காரர்களுக்கே உரியது. நாம் வீட்டில் பேசும்போது நம் பேச்சு ஏறி இறங்கி, இழுத்து, "ஏலே, இங்க பாரு" என்று ஓடும். கேமராவைத் திறந்தவுடன் ஏனோ செய்தி வாசிப்பது மாதிரி ஆகிவிடுகிறோம், "குழந்தைகளே, இன்று நாம் பின்னங்களைப் பற்றிப் பார்க்கப் போகிறோம்" என்று. அந்தத் தட்டையான குரலை எட்டு வயதுப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் டிவி சத்தத்தோடு சேர்த்துவிடும். உங்கள் வகுப்பை ஐந்து நிமிடம் பதிவு செய்து, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். வார்த்தையைக் கேட்காதீர்கள், ராகத்தை மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு வாக்கியமும் ஒரே இடத்தில் ஏறி ஒரே இடத்தில் இறங்கினால் அதுதான் உங்கள் பத்தாவது நிமிடத்தின் காரணம். பாடப் புத்தகச் சொற்களைச் சுத்தமாகச் சொல்லுங்கள், மற்றதை அம்பாசமுத்திரத்துக் குரலிலேயே பேசுங்கள்.

ஆனால் குரல் மட்டும் பிள்ளையை உட்கார வைக்காது. குரல் ஒரு இடத்தில் நின்று, பிள்ளை உள்ளே வர வழிவிட வேண்டும். கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். புலவர் ஒரு வரியை இழுத்து நிறுத்துவார், பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார். அந்த "ஆமா" விழும் இடத்தை விட்டு வைக்கத் தெரிந்ததால்தான் கதை ராத்திரி முழுக்க நிற்கிறது. வகுப்பிலும் அதே வேலைதான், வாக்கியத்தின் கடைசிச் சொல்லை நீங்கள் சொல்லாமல் விட வேண்டும். "இந்தப் பேப்பரைச் சரிசமமா ரெண்டா மடிச்சா, ஒரு துண்டுக்குப் பேரு...?" என்று ஏற்றி நிறுத்துங்கள்.

இதில் ஒரு சங்கடம், 14 பேரும் மைக்கைத் திறந்து ஒரே நேரத்தில் "அரை!" என்று சொன்னால் ஜூமில் அது கோரஸாக வராது. நெட் தாமதம் ஆளுக்கு ஆள் வேறு, ஒருவர் குரல் இன்னொருவர் குரலை வெட்டும், மிஞ்சுவது கரகரப்பு. ஆகவே எல்லோரும் மியூட்டிலேயே இருக்கட்டும், வாயைத் திறந்து உரக்கச் சொல்லட்டும், நீங்கள் உதடுகளைப் பாருங்கள். 14 கட்டத்தில் 11 வாய் "அரை" என்று அசைந்தால் போதும். அசையாத மூன்று யார் என்பதும் அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். ஆன்லைனில் பதிலைக் கேட்க முயல்வதுதான் நம்மை மாட்டிவிடுகிறது, பதில் எதுவானாலும் அதைக் கண்ணால் பார்க்கும்படி மாற்றுங்கள். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் அந்த இரண்டு பேர் மட்டும் பதில் சொல்வது தானாக நின்றுவிடும்.

அதற்குச் சிலேட்டு போதும். இல்லையென்றால் பழைய நோட்டின் பின்அட்டையும் தடித்த ஸ்கெட்சும். பேனாவால் எழுதினால் உங்களுக்குத் தெரியாது. முதல் நாள் இரண்டு மூன்று பிள்ளைகள் "டீச்சர், எழுத்து திரும்பி இருக்கு" என்று பயந்துவிடுவார்கள், சிலேட்டைத் திருப்பித் திருப்பிப் பிடிப்பார்கள். அவர்களுடைய படம் அவர்களுக்கு மட்டும் கண்ணாடி மாதிரித் தெரிகிறது, உங்களுக்கு நேராகத்தான் தெரிகிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். போனைக் கையில் பிடித்திருக்கிற பிள்ளையால் எழுத முடியாது, ஆகவே போனை ஒரு செம்பிலோ அரிசி டப்பாவிலோ சாய்த்து வைக்கச் சொல்லி, ஒரு நாள் அம்மாக்களிடம் காட்டிக் கொடுங்கள். பாதிக் கேமராக்கள் ஃபேனைப் பார்ப்பது சேட்டையால் இல்லை, போன் நிற்க இடம் இல்லாததால்தான்.

அடுத்தது, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவது. "எல்லோரும் காட்டுங்க" என்றால் முதலில் காட்டும் கெட்டிக்காரப் பெண்ணின் சிலேட்டைப் பார்த்து மற்றவர்கள் அழித்து எழுதுவார்கள். இதற்கு இரண்டு வழி இருக்கிறது. எழுதியதும் சிலேட்டைக் கவிழ்த்து மடியில் வைக்க வேண்டும், நீங்கள் "காட்டு" என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். அல்லது ஜூமில் Focus Mode என்று ஒன்று இருக்கிறது. முதலில் zoom.us தளத்தில் உங்கள் செட்டிங்கில் அதை இயக்கி வைத்தால், வகுப்பு நடக்கும்போது கீழே More பகுதியில் வரும். அதைத் தொடங்கினால் பிள்ளைக்கு நீங்களும் அவளும் மட்டும் தெரிவீர்கள், மற்ற 13 பேரும் உங்களுக்கு மட்டும் தெரிவார்கள். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று வேடிக்கை பார்ப்பதும் அதோடு குறையும். ஆனால் முழு வகுப்பையும் இதில் ஓட்டாதீர்கள், கூட்டாளிகளின் முகம் தெரியாவிட்டால் எட்டு வயதுப் பிள்ளைக்குச் சலித்துவிடும். கேள்வி நேரத்துக்கு மட்டும் போதும்.

கேள்வி கேட்ட பின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்பதையும் அந்தப் பதிவில் பாருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடிக்குக் கொண்டுபோனதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். அது நேரடி வகுப்பறையில். நமக்கு நெட் தாமதமும் மைக்கைத் திறக்கிற நேரமும் சேர்கிறது, ஆகவே நான் ஏழு வரை போவேன். மேஜைக்கு அடியில் ஒவ்வொரு விரலாக மடக்கி எண்ணுங்கள், வாயைத் திறக்காதீர்கள். முதல் வாரம் அந்த அமைதி உங்களை வாட்டும், நெட் போய்விட்டது என்று நினைத்து "டீச்சர், கேக்கலை" என்று ஒரு பையன் கூப்பிடவும் செய்வான். அசையாமல் இருந்தால் அப்படித்தான் நினைப்பான், அதனால் தலையை ஆட்டிக்கொண்டே, சிரித்துக்கொண்டே காத்திருங்கள். பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். "முத்து, கால் பெரிசா அரை பெரிசா?" என்றால் மீதி 13 பேருக்கும் விடுமுறை. "கால் பெரிசா, அரை பெரிசா?" (ஏழு நொடி) "முத்து" என்று சொல்லுங்கள், பெயர் சொன்னபின் கேள்வியை ஒரு தடவை சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுங்கள், அவனுக்கு முதல் தடவை கேட்காமல் போயிருக்கலாம்.

"புரிஞ்சுதா?" என்ற கேள்வியை மட்டும் கைவிட்டுவிடுங்கள். "புரிஞ்சுது டீச்சர்" என்பது பதில் இல்லை, அது மரியாதை.

இனி பின்னத்தின் முதல் வகுப்பை நான் எடுத்தால் எப்படி எடுப்பேன் என்று சொல்கிறேன். முந்தின நாள் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி: சிலேட்டு, பழைய நோட்டிலிருந்து கிழித்த மூன்று தாள், ஒரு ஸ்கெட்ச், இவற்றை ஒரு தட்டில் வைத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வகுப்பின் நடுவில் "போய் எடுத்துட்டு வா" என்றால் போன பிள்ளை முறுக்கோடுதான் வரும், சில நேரம் வராது.

ஆறரைக்கு வருகைப் பதிவு கூப்பிட மாட்டேன். 14 பெயர் கூப்பிட்டு "உள்ளேன் டீச்சர்" வாங்கி முடிக்க மூன்று நான்கு நிமிடம் போய்விடும், அதுவும் பிள்ளை மிகவும் தெளிவாக இருக்கிற நிமிடங்கள். நேற்றுப் பாடத்திலிருந்து ஒரு சின்னக் கணக்கு, 24 ஐ 4 ஆல் வகுத்தால் என்ன, சிலேட்டில் எழுதிக் காட்டு. பார்த்துக்கொண்டே என் தாளில் பெயருக்கு எதிரே கோடு போட்டுவிடுவேன், இரண்டு நிமிடத்தில் முடியும்.

பிறகு ஒரு தாளைக் கேமராவுக்கு நேராகப் பிடித்து, எதுவும் பேசாமல், மெதுவாக இரண்டாகக் கிழிப்பேன், ஆனால் ஒரு துண்டு பெரிதாக, ஒரு துண்டு சின்னதாக. ஐந்து நொடி அமைதி. பேச்சுக்குப் பழகிய காதுக்கு அமைதி வந்தால் கண் திரைக்கு வந்துவிடும். அப்புறம் மைக்குக்குக் கிட்டே வந்து, தாழ்ந்த குரலில், "ரெண்டா கிழிச்சாச்சு. இது அரையா?" கட்டை விரல் மேலே என்றால் ஆமாம், கீழே என்றால் இல்லை. நிச்சயம் நாலைந்து விரல் மேலே இருக்கும், ஏனென்றால் இரண்டு துண்டு என்றாலே அரை என்று பல பிள்ளைகள் நினைத்திருக்கிறார்கள். சரி தப்பு சொல்லாமல், மேலே காட்டிய ஒருவரையும் கீழே காட்டிய ஒருவரையும் மைக் திறக்கச் சொல்லி, "எனக்கு இந்தப் பெரிசைக் குடு, உனக்குச் சின்னதை வச்சுக்கோ, சம்மதமா?" என்று கேட்பேன். பங்கு சமமாக இருந்தால்தான் அரை என்பது அவர்கள் வாயிலிருந்தே வந்துவிடும்.

அடுத்து மடிப்பு, இதுதான் வகுப்பின் உயிர், இதற்குப் பத்து நிமிடம் தாராளமாகக் கொடுங்கள். ஒரு தடவை சமமாக மடி, விரி, எத்தனை பங்கு? இரண்டு. மறுபடி அதே மடிப்பின் மேல் இன்னொரு தடவை மடி. விரிக்காதே! எத்தனை பங்கு வரும் என்று எழுதிக் கவிழ்த்து வை. நான்கு என்று பலரும் எழுதுவார்கள். விரித்துப் பார்க்கலாம், சரி. இப்போது மூன்றாவது தடவை மடி, விரிக்காதே, எழுது. இங்கேதான் சிலேட்டுகளில் பாதி 6 என்று வரும், 2, 4, அடுத்தது 6 என்று பிள்ளை மனம் கூட்டிக்கொண்டே போகிறது. முகத்தில் எதையும் காட்டாமல் "ஆறு எழுதினவங்க கையைத் தூக்கு, எட்டு எழுதினவங்க எழுந்து நில்லு" என்று கண்டக்டர் குரலில் சொல்லுங்கள். பிறகு குரலை இறக்கி, இழுத்து, "இப்ப... விரி...". அந்த நேரத்தில் ஃபேனைப் பார்க்கிற கேமரா ஒன்றுகூட இருக்காது, ஏனென்றால் யார் ஜெயித்தது என்று பிள்ளைக்கே தெரிந்தாக வேண்டும். எட்டுப் பங்கில் ஒன்றுக்கு நம் பாட்டிகள் அரைக்கால் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், காலில் பாதி. அந்தச் சொல்லைச் சொல்லும்போது மடிப்பைக் கையால் காட்டுங்கள், அரை, கால், அரைக்கால் என்று ஒவ்வொன்றுக்கும் குரல் ஒரு படி இறங்கட்டும். அளவு சிறிதாவதைக் காதும் கேட்கும்.

இருபதாவது நிமிடம் தாண்டியதும் உட்கார்ந்த உடம்பு அசைய வேண்டும். அதற்காக "எழுந்து குதி, ஒரு சுற்றுச் சுற்று" என்று பாடத்துக்குச் சம்பந்தமில்லாத விளையாட்டு வைப்பதை நான் விரும்புவதில்லை, குதித்த பிள்ளையைத் திரும்பக் கணக்குக்குக் கொண்டுவர ஐந்து நிமிடம் போய்விடும். பதிலையே உடம்பால் சொல்லச் சொல்லுங்கள். "நான் ஒன்னு சொல்வேன், அரையைவிடப் பெரிசுன்னா நில்லு, சின்னதுன்னா உட்கார், அரையேன்னா ரெண்டு கையையும் நீட்டு." கால் கிலோ அல்வா, முக்கால் மணி நேரம், நான்கில் இரண்டு பங்கு, எட்டில் ஒரு பங்கு. மூன்று நிமிடத்தில் எட்டுக் கேள்வி ஓடிவிடும், பொடிப் படத்திலும் நிற்பவர் யார், உட்கார்ந்தவர் யார் என்பது நன்றாகத் தெரியும். எட்டில் ஒரு பங்கு என்றதும் எழுந்து நிற்கிறவன், 8 பெரிய எண் என்பதால் பங்கும் பெரிது என்று நினைக்கிறான். பின்னத்தில் வரும் தப்புகளில் இதுதான் மிகவும் பிடிவாதமானது. அவனை அப்போது திருத்தாமல், மடித்த தாளைக் கையில் எடுக்கச் சொல்லி ஒரு அரைக்கால் துண்டை அரைத் துண்டின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்கள் தொடர்ந்து பேசும் நேரம் நான்கு நிமிடத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இந்த வயதுக்கு என் அனுபவத்தில் அவ்வளவுதான். ஆனால் நான்கு நிமிடத்துக்கு ஒன்று என்று பத்து விதமான வேலையும் வேண்டாம். புது விளையாட்டு என்றால் அதன் விதியைச் சொல்லவே இரண்டு நிமிடம் போகும். சிலேட்டு, விரல், நில்-உட்கார், இந்த மூன்றையே மாற்றி மாற்றி வைத்து கேள்வியை மட்டும் புதிதாக்குங்கள். கடைசி ஐந்து நிமிடத்தைப் பேச்சில்லாமல் விடுங்கள். பிள்ளை நோட்டில் இரண்டு கணக்குப் போடட்டும், கேமரா நோட்டைப் பார்க்கட்டும், நீங்கள் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஒரு வரி மட்டும் பேசுங்கள். இலவச ஜூமில் கூட்டம் 40 நிமிடத்தில் தானாக முடிந்துவிடும், ஆகவே 35க்கே வீட்டுவேலையைச் சொல்லிவிடுவது நல்லது, பாதி வாக்கியத்தில் வெட்டுப்பட்டால் அடுத்த நாள் தொடக்கமே குழப்பமாகும்.

கேமராவைத் திறக்க முடியாத பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். அண்ணன் படிப்பு, அப்பா வேலை என்று ஒரே போனின் டேட்டாவில் வீடே ஓடும்போது வீடியோ கட்டாயம் என்று சொல்ல முடியாது. அவர்களுக்குச் சாட்டில் ஒரே ஒரு எண் போதும், 6 அல்லது 8, நீங்கள் "அனுப்பு" என்று சொன்னபிறகு அனுப்ப வேண்டும். நீளமான பதிலைத் தமிழில் தட்டச்சச் சொல்லாதீர்கள், எட்டு வயதுப் பிள்ளை எழுத்தைத் தேடுவதற்குள் பாடம் எங்கேயோ போய்விடும். வகுப்பு முடிந்ததும் மடித்து நிறம் தீட்டிய தாளின் போட்டோ ஒன்று வாட்ஸ்அப்பில் வரட்டும்.

அந்த வருகைத் தாளை ஒரு வாரம் வைத்திருங்கள், ஒவ்வொரு கேள்விக்கும் யார் காட்டினார் என்று கோடு போட்டுக்கொண்டே போங்கள். மொத்தமும் கோடு குறைந்தால் உங்கள் பேச்சு நீண்டிருக்கிறது. ஒரே பெயருக்கு எதிரே மட்டும் மூன்று நாள் கோடு விழவில்லை என்றால் அந்த வீட்டுக்குப் போன் போடுங்கள், ஆனால் "பிள்ளை கவனிக்கவில்லை" என்று ஆரம்பிக்காதீர்கள். என் வகுப்பில் அப்படி ஒரு சிறுமி இருந்தாள், எதற்கும் கை தூக்க மாட்டாள். கூப்பிட்டுக் கேட்டபோது, போன் ஸ்பீக்கர் கெட்டுப்போய் வெகுநாளாகிறது, அக்காவோடு ஒரே இயர்போனின் ஒரு காதைப் பங்கு போட்டுக்கொண்டு கேட்கிறாள், அக்காவுக்குச் சலித்தால் அவளுடைய காதும் போய்விடும் என்றார் அம்மா. அவளுக்கு நான் கேள்விகளையெல்லாம் ஒரு அட்டையில் பெரிதாக எழுதிக் கேமராவில் பிடிக்க ஆரம்பித்தேன். அந்த அட்டை மற்ற பிள்ளைகளுக்கும் உதவியது, இன்றுவரை அதை நான் விடவில்லை.